90 என்று வைத்தேன், தலை இன்னும் சுற்றியது

பினாங்கில் பாயா தெருபோங் பக்கமிருந்து பாலிக் புலாவுக்கு மலையேறிப் போகும் ஜாலான் துன் சார்டோனில் நான் கார் ஓட்டினால் எனக்கு ஒன்றும் ஆகாது. அதே சாலையில் அக்கா ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு வந்தால், நாலாவது வளைவுக்குள் வாயில் எச்சில் ஊற ஆரம்பித்துவிடும். கோடாலித் தைலமும் ஒரு பாக்கெட் அசாம் போயும் இல்லாமல் அந்தப் பக்கம் நான் பயணியாகப் போவதில்லை. இப்படிப்பட்ட ஆளுக்குக் கேம் விளையாடினாலும் தலை சுற்றும் என்பது எனக்கு முன்னமே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

பள்ளி விடுமுறைக்கு அக்காள் மகன் எங்கள் வீட்டில் தங்க வந்தபோதுதான் தெரிந்தது. படிவம் 2 படிக்கிற பையன். "மாமா, என்கூட மைன்கிராஃப்ட் ஆடுங்க, வீடு கட்டலாம்" என்றான். முதலில் பக்கத்தில் நாற்காலி போட்டு அவன் ஆடுவதைப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் இரண்டு மூன்று தடவை கொட்டாவி வந்தது. பின்கழுத்து ஈரமானது. அப்புறம் அதே எச்சில். மானிட்டரோ சாதாரண 24 அங்குலம், வீட்டில் கணக்குப் பார்க்கவும் படம் பார்க்கவும் வாங்கியது. தலையில் மாட்டும் விஆர் கண்ணாடியில்தான் இப்படி வரும் என்று நினைத்திருந்தவன் நான்.

காரில் நடப்பதற்கு இது நேர்த் தலைகீழ். காரில் கைப்பேசியைப் பார்க்கும்போது உள்காது "அசைகிறோம்" என்கிறது, கண் "அசையவில்லை" என்கிறது. கேமில் கண் "ஓடுகிறோம், திரும்புகிறோம்" என்கிறது, உள்காது "நாற்காலியில்தானே இருக்கிறாய்" என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்பட்டால் வயிறு புரளுகிறது. ஸ்டியரிங் பிடித்தவனுக்குக் குறைவாக வருவதற்கும் காரணம் உண்டு. அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும். அதனால்தான் பையன் ஆடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தபோது எனக்கு வந்த அளவுக்கு, மௌஸை நானே பிடித்தபோது வரவில்லை. ஆனாலும் வந்தது.

வழக்கம்போல இணையத்தில் தேடினேன். எங்கும் ஒரே பதில்: எஃப்ஓவி, அதாவது பார்வைக் கோணம், குறைவாக இருக்கிறது, அதை 90 அல்லது 100க்கு ஏற்று. சரி என்று மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் `Options` திறந்து, 70இல் நின்ற `FOV` பட்டியை 90க்கு இழுத்தேன். மறுபடி விளையாடினேன். ஐந்தே நிமிடம். ஓடும்போது திரையின் இரு ஓரத்திலும் மரங்கள் இழுபட்டு நீண்டு பின்னால் பறந்தன. எழுந்து போய்ப் பால்கனியில் நின்றுகொண்டேன். "என்ன மாமா, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அறிவுரையில் பிழை இல்லை. 90 என்ற எண்தான் இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தருகிறது. பல கேம்களில் அந்த எண் இடமிருந்து வலம், அதாவது திரையின் அகலத்துக்குள் அடங்கும் கோணம். மைன்கிராஃப்டில் அது மேலிருந்து கீழ். வழக்கமான 16:9 திரையில் அகலம் உயரத்தைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு என்பதால், டேன் வைத்துக் கணக்குப் போட்டால், உயரக் கோணம் 70 என்றால் அகலக் கோணம் ஏற்கனவே 102. நான் 90 வைத்தபோது அகலத்தில் அது 121 ஆகிவிட்டது. குறைவாக இருக்கிறது என்று நினைத்து, கூடுதலாக இருந்ததை மேலும் கூட்டியிருக்கிறேன். பழைய ஹாஃப்-லைஃப் 2 போன்றவற்றில் இன்னொரு குழப்பம். அதில் 75 என்று இருப்பது பழைய 4:3 திரைக்கான அகலக் கோணம். இன்றைய அகலத் திரையில் அதுவே 91 ஆகிறது. ஆக, மெனுவில் இருக்கும் எண்ணை வைத்து ஒரு கேமை இன்னொரு கேமோடு ஒப்பிடவே கூடாது.

எண்ணை நம்ப முடியாது என்றால் நாமே அளந்துவிடலாம். இந்த முறையைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஒரு சின்னப் பெருமை, நிச்சயமாக எனக்கு முன்னால் ஆயிரம் பேர் செய்திருப்பார்கள். கேமுக்குள் ஓரிடத்தில் நின்று, பார்வையை நேராக, மேலேயும் கீழேயும் சாயாமல் வைத்துக்கொள்ளுங்கள். கண் மட்டத்தில் ஒரு பொருளைத் திரையின் வலது ஓரத்தில் சரியாகப் பொருத்துங்கள். காலை நகர்த்தாமல், மௌஸை மட்டும் வலப்பக்கம் நகர்த்தி அந்தப் பொருள் இடது ஓரத்துக்கு வரும்வரை திரும்புங்கள். நீங்கள் திரும்பிய கோணம்தான் அந்தக் கேமின் உண்மையான அகலக் கோணம். இப்போது வலது ஓரத்தில் என்ன தெரிகிறதோ அதை அடுத்த அடையாளமாக வைத்து மறுபடி திரும்புங்கள். ஒரு முழுச் சுற்று முடிய எத்தனை தடவை ஆனது என்று எண்ணி, 360ஐ அதனால் வகுத்தால் போதும். 4 தடவை என்றால் 90. 6 தடவை என்றால் 60. மூன்றரை என்றால் 103.

மைன்கிராஃப்டில் எண்ணவும் தேவையில்லை. F3 அழுத்தினால் இடப்பக்கம் வரும் எழுத்துக்கூட்டத்தில் `Facing` என்று ஒரு வரி இருக்கும். அடைப்புக்குள் இரண்டு எண்கள். முதல் எண் எந்தத் திசை, இரண்டாவது எண் பார்வை எவ்வளவு சாய்ந்திருக்கிறது. `FOV` பட்டியை மறுபடி 70க்கு இறக்கி, இரண்டாவது எண்ணைச் சுழிக்கு அருகில் வைத்துக்கொண்டு, ஒரு தீப்பந்தத்தை வலது ஓரத்தில் வைத்தேன்: 12.4. திரும்பித் திரும்பி அது இடது ஓரத்தைத் தொட்டபோது 114.6. கழித்தால் 102.2. கணக்கும் கண்ணும் ஒத்துப்போனதில் பையனுக்கும் ஒரே மகிழ்ச்சி, கணிதப் பாடத்தில் டேன் எதற்கு வருகிறது என்று கேட்டான். அது படிவம் 3இல் வரும் என்று சொல்லித் தப்பித்தேன். ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: மைன்கிராஃப்டை முழுத்திரையில் வைத்துத்தான் அளக்க வேண்டும். உயரக் கோணம் மாறாததால், கேம் ஓடும் சன்னலைப் பக்கவாட்டில் குறுக்கினால் அகலக் கோணமும் குறுகிவிடும்.

சரி, எவ்வளவு வைப்பது? இரண்டு பக்கமும் குழி இருக்கிறது. என்னிடம் இன்னொரு கேம் இருந்தது, ஒரு வீட்டுக்குள் நடந்து நடந்து கடிதம் படிக்கும் வகை. டிவிக்கு முன்னால் சோபாவில் உட்கார்ந்து ஆடுபவர்களை மனதில் வைத்துச் செய்து, அப்படியே கணினிக்குக் கொண்டுவந்தது. பெயர் வேண்டாம். அதை அளந்தபோது ஒரு சுற்றுக்கு ஆறு தடவைக்குச் சற்றுக் குறைவு, சுமார் 62 பாகை. 2 மீட்டர் தள்ளியிருக்கும் டிவிக்கு அது சரியாக இருக்கலாம். 60 சென்டிமீட்டரில் முகத்துக்கு நேரே இருக்கும் மானிட்டரில் அது தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பது மாதிரி. 62க்கும் 95க்கும் இடையே, திரையின் நடுவில் தெரியும் எல்லாமே 1.8 மடங்கு பெரிதாகிறது. பெரிதாவது பொருள் மட்டும் இல்லை, அசைவும்தான். மௌஸை ஒரு சிறிது தட்டினால் சுவர் முழுக்கப் பாய்கிறது. பக்கத்தில் கதவு இருக்கிறதா என்று பார்க்க நொடிக்கொரு தடவை திரும்ப வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு திருப்பமும் ஒரு துன் சார்டோன் வளைவு.

மறுபக்கக் குழியில்தான் நான் முதல் நாள் விழுந்தேன். தட்டையான திரையில் அகலமான காட்சியை விரித்தால் ஓரங்கள் இழுபடும். அகலக் கோணம் 95இல் ஓரத்தில் இருக்கும் பொருள் நடுவில் இருப்பதைவிடப் பக்கவாட்டில் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகமாக நீள்கிறது. 121இல் நான்கு மடங்குக்கு மேல். முன்னோக்கி ஓடும்போது அந்த ஓரங்கள்தான் வேகமாகப் பின்னால் போகின்றன. ஓரக்கண்ணில் படும் அசைவைத்தான் மூளை "நாம் நகர்கிறோம்" என்று எளிதில் எடுத்துக்கொள்ளும்.

அறிகுறியை வைத்து எந்தக் குழி என்று ஓரளவு சொல்லிவிடலாம். நின்ற இடத்தில் திரும்பும்போது, அறைக்குள், குறுகிய நடையில் வயிறு புரண்டால் கோணம் குறைவு, கூட்டிப் பாருங்கள். வெட்டவெளியில் நேராக ஓடும்போது, ஓரங்கள் வழுக்கிப் போவதைப் பார்த்து வந்தால் கோணம் அதிகம், குறைத்துப் பாருங்கள். எனக்கு அகலத்தில் 92லிருந்து 98வரை ஒத்துக்கொள்கிறது. மைன்கிராஃப்டில் அது 65, அதாவது அகலத்தில் 97. நடைக் கேமில் பட்டியை ஏற்றி, அளந்து, ஒரு சுற்றுக்கு நாலு தடவைக்குச் சற்றுக் குறைவாக வரும் இடத்தில் நிறுத்தினேன். உங்கள் எண் வேறாக இருக்கும், ஒரு தடவையில் 5 பாகைக்கு மேல் மாற்றாமல் தேடுங்கள்.

நாற்காலியைப் பின்னால் தள்ளுவதும் இதே கணக்கில் வருகிறது. 24 அங்குல மானிட்டர் 53 சென்டிமீட்டர் அகலம். 60 சென்டிமீட்டர் தூரத்தில் அது கண்ணில் 48 பாகையை அடைக்கிறது. 80க்குத் தள்ளினால் 37 பாகைதான். ஓரக்கண்ணுக்கு மானிட்டருக்கு வெளியே இருக்கும் சுவரும் சன்னலும் தெரியும், அவை அசையாமல் நிற்கும். அதனால்தான் விளக்கை அணைத்துவிட்டு ஆடுவது எனக்கு ஆகவே ஆகாது. பையனுக்கு இருட்டு வேண்டும், எனக்கு அறை விளக்கு வேண்டும். இந்தச் சண்டையில் வீட்டுக்காரி என் பக்கம், மின்சாரக் கட்டணம் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

ஆனால் கோணத்தைச் சரிசெய்த பிறகும் மைன்கிராஃப்டில் இருபது நிமிடத்தைத் தாண்ட முடியவில்லை. மிச்சம் இருந்தது தலையாட்டம். நடக்கும்போது கேமரா மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆடுவதைத்தான் சொல்கிறேன். நிஜ நடைபோல இருக்கட்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். ஆனால் நிஜ நடையில் நமக்கு அப்படித் தெரிவதே இல்லை. தலை ஒவ்வோர் எட்டுக்கும் ஆடத்தான் செய்கிறது. உள்காது அதை உணர்ந்த கணமே கண்விழியை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறது, அதனால் எதிரே வரும் ஆள் நிலையாகவே தெரிகிறார். சந்தேகம் இருந்தால் இந்த வரியைப் படித்துக்கொண்டே தலையை இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள், படிக்க முடியும். தலையை நிறுத்திவிட்டுக் கைப்பேசியை அதே வேகத்தில் ஆட்டுங்கள், எழுத்து கலங்கிவிடும். கேமின் தலையாட்டம் இந்த இரண்டாவது வகை. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையின் கண் வழியாக உலகத்தைப் பார்ப்பது மாதிரி.

இதில் ஒரு குழப்பம் வரும். கையில் பிடித்திருக்கும் வாளோ துப்பாக்கியோ ஆடுவது வேறு, கேமரா ஆடுவது வேறு. கை ஆடுவது பெரும்பாலும் தொந்தரவில்லை, பின்னால் உலகம் நிலையாக நிற்கிறதே. எது ஆடுகிறது என்று கண்டுபிடிக்க, பையனின் பள்ளிப் புத்தகத்தில் ஒட்டும் பெயர்ச் சீட்டிலிருந்து ஒரு சின்னத் துண்டை வெட்டி, திரையில் தெரிந்த தூரத்து மலை விளிம்புக்கு நேராக மானிட்டரில் ஒட்டினேன். சமதரையில் நேராக நடந்தேன். மலை விளிம்பு சீட்டுக்கு மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போனது. அப்படியென்றால் கேமராவே ஆடுகிறது. `Video Settings`இல் `View Bobbing` என்பதை `OFF` ஆக்கிவிட்டு அதே நடை. விளிம்பு சீட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றது. மைன்கிராஃப்டில் இந்த ஒரே சுவிட்ச் கையையும் கேமராவையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறது.

அத்தோடு முடிந்ததா என்றால், ஓட ஆரம்பித்தால் இன்னொன்று. வேகம் கூடும்போது பார்வைக் கோணம் தானாக விரிகிறது, வில்லை இழுத்தால் சுருங்குகிறது. கஷ்டப்பட்டு 65இல் நிறுத்திய கோணத்தை ஒவ்வோர் ஓட்டத்துக்கும் கேமே மாற்றுகிறது. `Accessibility Settings`க்குள் `FOV Effects` பட்டியைச் சுழிக்கு இழுத்தால் இது நிற்கும். அதே பக்கத்தில் `Distortion Effects` இருக்கிறது, நெதர் வாசலில் நிற்கும்போது திரை நெளிவது அதனால்தான். `Damage Tilt` அடிபடும்போது திரையைச் சாய்ப்பது. மூன்றையும் சுழியில் வைத்திருக்கிறேன். கைப்பேசியிலும் கன்சோலிலும் வரும் பெட்ராக் பதிப்பில் `View Bobbing` உண்டு, கோணம் விரிவதற்கு `FOV Can Be Altered By Gameplay` என்ற சுவிட்சை அணைக்க வேண்டும்.

மற்ற கேம்களில் பெயர்கள் மாறும். `Head Bob` என்றே இருக்கலாம், `Camera Shake` என்று இருக்கலாம், `Camera Movement` என்று இருக்கலாம். ஒன்றை அணைத்தால் மற்றது அணையும் என்று நம்ப வேண்டாம், சீட்டை ஒட்டி நடந்து பாருங்கள், பிறகு ஓடியும் பாருங்கள். அந்த நடைக் கேமில் `Head Bob` அணைத்த பிறகும் ஓடும்போது மட்டும் ஆட்டம் இருந்தது. அதற்குச் சுவிட்ச் எங்கும் இல்லை. ஓடாமல் நடந்தே முடித்தேன், கதை எப்படியும் மெதுவான கதைதான். அசையும்போது படத்தை மங்கலாக்கும் `Motion Blur` கண்டால் யோசிக்காமல் அணைத்துவிடுகிறேன்.

அதே கேமில் திரை நடுவில் குறிப்புள்ளி எதுவும் இல்லை. கண்ணுக்குப் பிடிமானம் வேண்டும். 2008இல் வந்த மிரர்ஸ் எட்ஜ் கேமில், கூரைக்குக் கூரை தாவும் ஆட்டக்காரர்களுக்குத் தலை சுற்றாமல் இருக்கத்தான் நடுவில் ஒரு புள்ளியை வைத்தார்கள். சில மானிட்டர்களில் பொத்தானை அழுத்தினால் நடுவில் குறி தெரியும் வசதி இருக்கிறது. என்னுடையதில் இல்லை. மலை விளிம்பில் ஒட்டிய அதே சீட்டைக் கத்தரித்து, அரிசி மணி அளவுக்குச் சிறிதாக்கி, நடுவில் ஒட்டிக்கொண்டேன். மௌஸ் வேகத்தையும் குறைத்தேன். படம் விட்டு விட்டு வந்தால் இதெல்லாம் வீண் என்பதால், மைன்கிராஃப்டில் எவ்வளவு தூரம்வரை காட்சி வரைய வேண்டும் என்று சொல்லும் `Render Distance`ஐ 20லிருந்து 10க்கு இறக்கி, நொடிக்கு 60 படம் தடங்காமல் வரும்படி பார்த்துக்கொண்டேன்.

சோதிக்கும் நேரத்தில்தான் நான் அதிகம் தவறு செய்தேன். தலை சுற்ற ஆரம்பித்ததும் மெனுவைத் திறந்து ஒன்றை மாற்றுவேன், உடனே ஆடிப் பார்ப்பேன், சுற்றல் நிற்காததால் அது பயனில்லை என்று மறுபடி மாற்றுவேன். ஒருமுறை வந்துவிட்டால் எந்த அமைப்பும் உடனே அதை நிறுத்தாது, எனக்கு இரண்டு மணி நேரமாவது ஆகிறது. அதனால் ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், பத்து நிமிடம், வயிறு காலியாகவும் இல்லாமல் நிறைந்தும் இல்லாமல் இருக்கும் வேளை. முதல் கொட்டாவி வந்ததும் எழுந்துவிடுகிறேன், தூக்கம் வராத நேரத்தில் வரும் கொட்டாவிதான் என் உடம்பின் முதல் மணி. பழகினால் சரியாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆடியதில், அடுத்த நாள் அந்த கேமின் தொடக்க இசையைக் கேட்டாலே வாய் ஊறியதுதான் மிச்சம். ஒரு சாயங்காலம் அப்படி ஆடி முடித்த கையோடு பையனை வீட்டில் விட பாலிக் புலாவுக்குக் கார் எடுத்தேன். நான் ஓட்டியும் மலைமேல் ஒருமுறை நிறுத்த வேண்டியதாயிற்று. அதன் பிறகு, ஆடிய சூட்டில் வண்டி எடுப்பதில்லை. திரையே இல்லாதபோதும் தலை சுற்றினால் அது கேம் விஷயம் இல்லை, கிளினிக்கில் காதைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இப்போது 45 நிமிடம் ஓடுகிறது. தோண்டுவது, கட்டுவது, பண்ணை போடுவது எல்லாம் சரி. எலைட்ரா இறக்கையை மாட்டிக்கொண்டு பறப்பது மட்டும் எந்த எண்ணை வைத்தாலும் ஆகவில்லை, அந்த நேரம் நான் ஆட்டக்காரனாக இருந்தாலும் சன்னலைப் பார்ப்பேன்.

போன விடுமுறைக்கு வந்தபோது பையன் தன் முறைக்கு `FOV` பட்டியைக் கடைசிவரை, 110க்கு இழுத்துவிட்டான். அங்கே எண்ணுக்குப் பதிலாக `Quake Pro` என்று வரும், அகலத்தில் 137 பாகை. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவே முடியவில்லை, சமையலறைக்குப் போய்த் தே கலக்கிக்கொண்டு வந்தேன். திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது, பட்டி 65இல் நின்றது, `View Bobbing` அணைந்திருந்தது. "எல்லாம் மாத்திட்டேன் மாமா. நாற்காலியை மட்டும் நீங்களே பின்னால தள்ளிக்குங்க, கனமா இருக்கு" என்றான்.